வட்டவடைக் கேரட் கொச்சி ஃபிளாட்டுக்குப் போக: உழவர் கம்பெனித் திட்டம் எது வரை கைகொடுக்கும்?

வட்டவடை, கோவிலூர், காந்தளூர் பக்கம் விளையும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு பெரும்பாலும் வியாபாரி கையில்தான் போய்ச் சேருகின்றன. விதைக்கும்போதே முன்பணம் கொடுத்தவர் அவர். அறுவடையில் விலை சொல்கிறவரும் அவர்தான். அதே கேரட்டைக் கொச்சி காக்கநாட்டில் ஒரு குடியிருப்பு நேராக வாங்கினால் என்ன, மூணாறு ஓட்டல் நேராக வாங்கினால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு அரசு தரும் வழி, விவசாயிகளே பங்கு போட்டுச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். ஊரில் சுருக்கமாக ‘கம்பெனி’ என்பார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம், பலருடைய பயம் அங்கேதான் இருக்கிறது. கேரளத்தில் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் கிடையாது. அதனால் மண்டிக்குக் கொண்டுபோய்த்தான் விற்க வேண்டும், செஸ் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விவசாயி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. தன் தோட்டத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் பலரிடம் வாங்கிச் சேர்த்து விற்கும் கம்பெனிக்கு அந்தச் சட்டப்படி பதிவோ உரிமமோ வேண்டும். எடை மெஷினுக்கு வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும். ஃபிளாட்காரர் எடை குறைகிறது என்று ஒரு முறை சந்தேகப்பட்டால் அடுத்த வாரம் ஆர்டர் வராது, ஆகவே முத்திரை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

சரி, திட்டம் என்ன தருகிறது? பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்க மத்திய அரசு 2020-ல் தொடங்கியது இது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். மலைப்பகுதிக்கு 100 போதும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் மலைப்பகுதி என்பது விதி. வட்டவடை அதில் வரும், பாலக்காட்டுச் சமவெளியில் உள்ள கொழிஞ்சாம்பாறை வராது. உறுப்பினரில் பாதிப்பேராவது சிறு, குறு, குத்தகை விவசாயிகளாக இருக்க வேண்டும். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். பட்டா இல்லையே என்று தயங்குகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: கம்பெனிச் சட்டம் கேட்பது விவசாயம் செய்கிறாரா என்பதைத்தான், நிலம் அவர் பெயரில் இருக்கிறதா என்பதை அல்ல.

பணம் இரண்டு வழியாக வரும். ஒன்று, நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை. மேலாளர், கணக்கர் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் இதற்குள் அடங்கும். இன்னொன்று பங்கு மானியம். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்குச் சமமாக, தலைக்கு 2000 ரூபாய் வரை, கம்பெனிக்கு மொத்தம் 15 லட்சம் வரை அரசு சேர்க்கும். 150 பேர் ஆளுக்கு 1000 ரூபாய் போட்டால் ஒன்றரை லட்சம், அரசு இன்னொரு ஒன்றரை லட்சம், ஆக மூன்று லட்சம் கையில் நிற்கும்.

பத்தாயிரம் என்ற இலக்கு 2025 பிப்ரவரியிலேயே எட்டிவிட்டது. ஆகவே புதிதாக ஒன்றைத் தொடங்க அலைவதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று கிருஷி பவனில் கேளுங்கள். இருந்தால் அதில் பங்கு வாங்கிச் சேருவதுதான் நல்லது.

இனி கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை, உங்கள் வாடகையையும் விலையையும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு லோடு, 1000 கிலோ கேரட். 500 கிலோ நேரான, ஒரே அளவான முதல் தரம், அது ஃபிளாட்டுகளுக்கு 48 ரூபாயில் போகிறது. கோணலும் சிறிசுமாக 400 கிலோ, வழியில் மூணாறு ஓட்டல்களில் 34 ரூபாய்க்கு இறங்குகிறது. வெட்டிப் போடுகிற சமையலறைக்குக் கோணல் ஒரு குறையில்லை. மீதி 100 கிலோ ஒடிந்ததிலும் வாடியதிலும் போய்விடும் என்று வைப்போம். வரவு 37,600. வண்டி வாடகை 7000, தரம் பிரித்துக் கட்டும் கூலி 3500, டிரேயும் சில்லறையும் 1500, கம்பெனிக்கு நூற்றுக்கு ஐந்து 1880. செலவு போக 23,720 ரூபாய். விவசாயிக்குக் கிலோவுக்கு 23 ரூபாய் 72 காசு. வியாபாரி 20 ரூபாய் சொல்லி, பத்து சதவீதக் கமிஷன் கழித்தால் 18. கிட்டத்தட்ட ஆறு ரூபாய் கூடுதல்.

இதே கணக்கை 500 கிலோவுக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் பாதியாகும், வண்டி வாடகை மட்டும் 7000 அப்படியே நிற்கும். விவசாயிக்கு வருவது 16 ரூபாய் 72 காசு, அதாவது வியாபாரி கொடுப்பதைவிடக் குறைவு. இந்த உதாரணத்தில் லோடு சுமார் 550 கிலோவுக்குக் கீழே இறங்கினால் நேரடி விற்பனை நஷ்டம். இடைத்தரகரை விலக்கினால் தானாக லாபம் வந்துவிடும் என்ற பேச்சு பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான். அதனால் ஆர்டர் முதலில், அறுவடை பிறகு. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் புதன் இரவோடு ஆர்டரை மூடி, பணத்தையும் வாங்கிவிட்டு, வெள்ளி காலை ஆர்டர் அளவுக்கு மட்டும் பிடுங்க வேண்டும். கேரட் மண்ணில் சில நாள் பொறுக்கும், பீன்ஸ் பொறுக்காது. எனவே பீன்ஸை முதலில் ஆர்டரில் ஏற்றுங்கள்.

ஓட்டல் வேறு மாதிரி. அளவு நிறைய எடுப்பார்கள், ஆனால் பணம் பதினைந்து நாள், ஒரு மாதம் கழித்துத்தான் வரும். விவசாயிக்கோ இரண்டு நாளில் பணம் வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரியின் முன்பணத்துக்கே திரும்பிவிடுவார். மேலே சொன்ன மூன்று லட்சம் பங்குப் பணத்தின் உண்மையான வேலை இந்த இடைவெளியை அடைப்பதுதான். உதாரணத்தில் ஓட்டல் பாக்கி வாரம் 13,600, ஒரு மாதக் கடன் என்றால் சுமார் 55,000 வெளியே நிற்கும். மூன்று லட்சம் அதைத் தாங்கும். அதையே கட்டடத்திலும் குளிர் அறையிலும் போட்டுவிட்டால் தாங்காது. கட்டமைப்புக்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதி தனியாக உண்டு, இரண்டு கோடி வரையான கடனுக்கு ஏழு ஆண்டு வரை மூன்று சதவீத வட்டிச் சலுகை கிடைக்கும்.

ஃபிளாட்காரர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும் வாரங்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே. கேரள அரசின் காய்கறி அடிப்படை விலைத் திட்டம் அதற்கு உதவும். 2020 நவம்பர் 1 முதல் 16 பயிர்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து விலை வைத்தார்கள். அறிவித்தபோது கேரட் கிலோ 21, முட்டைக்கோஸ் 11, வட்டவடைப் பூண்டு 139. ஆனால் கேரள வேளாண் துறையின் AIMS இணையதளத்தில் முன்கூட்டியே பயிரைப் பதிந்திருக்க வேண்டும். விலை விழுந்த பிறகு ஓடினால் பலனில்லை.

கடைசியாக, பங்கு வாங்குமுன் கம்பெனியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாயிற்றா? தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், வருடக்கணக்கில் விட்டால் உறுப்பினர் பங்கையே அது தின்றுவிடும். இரண்டாவது, 18 லட்சம் முடிந்தபின் மேலாளர் சம்பளம் எங்கிருந்து வரும்? நம் உதாரணக் கம்பெனிக்கு ஒரு லோடில் கிடைப்பது 1880 ரூபாய், மாதம் நாலு லோடுக்கு 7520. அதில் ஒரு மேலாளரை வைக்க முடியாது. வாரம் மூன்று நான்கு லோடு ஓடும் நிலைக்கு மூன்று ஆண்டுக்குள் எப்படி வரப்போகிறோம் என்று அவர்களால் எண்ணோடு சொல்ல முடிந்தால் பங்கை வாங்குங்கள்.