மிகையேற்றக் காப்பானா, நேர ஆளியா?

சுவருக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகி, போன் செயலியில் நேரம் வைத்து நிறுத்துகிற ஸ்மார்ட் பிளக்குக்கு இப்போது ஒரு புதுத் தமிழ் கிளம்பியிருக்கிறது: 'மிகையேற்றக் காப்பான்'. இரவில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்காக விற்கிற பிளக்கின் பெட்டியில் ஒட்டுத்தாளாக இருக்கிறது, வீடியோக்களில் பேசுகிறவர்கள் வாயில் இருக்கிறது. போன மாதம் புறக்கோட்டையில் ஒரு கடைத் தம்பியும் அதையே சொன்னார். "இதைப் போட்டீங்கள் எண்டா போன் ஃபுல்லானதும் தானா நிண்டிடும் அண்ணை. மிகையேற்றக் காப்பான்." தம்பியில் பிழையில்லை. பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் படித்தார். அந்தச் சொல்லைக் கட்டியவரோடுதான் எனக்குச் சண்டை. நல்ல தமிழ்தான், புணர்ச்சியிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு சொல்லுக்குள் இரண்டு பொய் இருக்கிறது.

முதலில் வேர்களை விரைவாகப் பார்த்துவிடுவோம். பிளக் என்பது ஆங்கிலத்துக்கு டச்சுக்காரரின் 'பிளுக்க' வழியாக வந்த சொல், அடைக்கிற ஆப்பு என்று பொருள். நம் 'செருகி' கொண்டையில் பூச் செருகுவதும் இடுப்பில் முந்தானை செருகுவதுமான அதே வினை. சார்ஜ் என்பதன் பழைய இலத்தீன் வேர் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்தது. நாங்கள் மூட்டையையும் ஏற்றுகிறோம், மின்னையும் ஏற்றுகிறோம், ஆக 'மின்னேற்றம்' தேடிப்போகாமலே பொருந்திய சொல். சுவிட்சுக்கு இலங்கைப் பாடப்புத்தகத்தில் 'ஆளி' என்று படித்தோம். ஆளுவது ஆளி. தமிழ்நாட்டு நண்பர்களிடம் சொன்னால் ஆளிவிதையா என்று கேட்கிறார்கள், அது அவர்கள் பாடு.

இனி 'மிகையேற்றம்'. போனுக்குள் இருக்கிற லித்தியம் அயன் பற்றரி மிகையாக ஏறுவதில்லை. போனின் சுற்றே அதை விடாது. சாதாரணமாக ஒரு கலம் 4.2 வோல்ட் வரை ஏறும், இப்போதைய போன்களில் அதற்குச் சற்று மேலே. அந்த எல்லை வந்ததும் போன் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடும். சார்ஜர் விடிய விடியச் செருகியிருந்தாலும் 100 என்பது 110 ஆகாது. அப்படியென்றால் இரவு முழுக்கப் போட்டு வைப்பதில் என்ன கேடு? நிறைந்த நிலையிலேயே மணிக்கணக்காகக் கிடப்பதுதான் கேடு. உயர்ந்த வோல்ட்டில் நிற்கும்போது கலத்துக்குள் வேண்டாத வேதிமாற்றங்கள் வேகம் பிடிக்கும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். கொழும்பில் மின்விசிறி போட்டும் வியர்க்கிற இரவில், தலையணைக்கடியில், நிறைந்தபடி ஐந்து மணி நேரம் கிடக்கிற போனின் பற்றரி வேகமாகக் கிழடாகும். ஆக, காக்க வேண்டியது மிகையிலிருந்து அல்ல, நிறைவில் கிடப்பதிலிருந்து. பெயர் ஆபத்தையே மாற்றிச் சொல்கிறது.

'காப்பான்' இதைவிட மோசம். காப்பவனுக்கு எதிரே என்ன வருகிறது என்று கண் தெரிய வேண்டும். இந்தப் பிளக்குக்குப் போனில் எத்தனை வீதம் ஏறியிருக்கிறது என்பது அறவே தெரியாது. அதற்குத் தெரிந்தது மணி ஒன்றுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 5000 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய பற்றரியில் கிட்டத்தட்ட 19 வாட் மணி கொள்ளும். 20 வீதத்திலிருந்து 80க்குக் கொண்டுபோக அதில் அறுபது வீதம், அதாவது பதினொன்றரை வாட் மணி வேண்டும். பழைய 10 வாட் சார்ஜரில் சூடாகப் போவது போக எட்டு, எட்டரை வாட்தான் பற்றரிக்குள் போய்ச் சேரும். சுமார் ஒன்றரை மணி நேரம். ஆகவே பிளக்கில் ஒன்றரை மணி வைக்கிறோம். 20இல் போட்ட அன்றைக்கு 80இல் அழகாக நிற்கும். ஆனால் மாலையில் அலுவலகத்தில் கொஞ்சம் சார்ஜ் போட்டுவிட்டு, 45இல் செருகினால் அதே ஒன்றரை மணியில் நிறைவுக்குக் கிட்டப் போய்விடும். பயணத்தில் 5க்கு இறங்கிய நாளில் 65இல் விட்டுவிடும், காலையில் ரயிலில் அதை ஏசத்தான் வேண்டும். வீட்டில் யாராவது சார்ஜரை மாற்றி 25 வாட் சார்ஜரைச் செருகிவிட்டார்கள் என்று வையுங்கள், 20இல் தொடங்கினாலும் ஒன்றரை மணிக்குள் போன் நிறைந்தே போகும். பிளக் அத்தனை நாளும் ஒரே வேலையைத்தான் பிழையில்லாமல் செய்தது. நாளும் சார்ஜரும்தான் மாறின.

அதனால்தான் நான் 'நேர ஆளி' என்கிறேன். நேரத்தைப் பார்த்து ஆளுவது. அந்தப் பெயரைக் கேட்டவர், எவ்வளவு நேரம் வைப்பது என்றுதான் அடுத்துக் கேட்பார். 'காப்பான்' என்று கேட்டவர் ஒன்றும் கேட்கமாட்டார், செருகிவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு கலைச்சொல் சரியான கேள்வியைக் கேட்க வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மறுதரப்பு வழக்கு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில பிளக்குகள் எத்தனை வாட் போகிறது என்று அளக்கும். இழுவை 3 வாட்டுக்குக் கீழே இறங்கி ஐந்து நிமிடம் அப்படியே நின்றால் நிறுத்து என்று கட்டளை வைக்கலாம். அப்போது அது காப்பான்தானே என்கிறார்கள். இல்லை. இழுவை அவ்வளவு இறங்குவது போன் கிட்டத்தட்ட நிறைந்த பிறகுதான். 80 வீதத்தில் மெதுவான சார்ஜர் முன்போலவே இழுத்துக்கொண்டிருக்கும், பிளக்குக்கு அங்கே ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறைவில் கிடக்கிற நேரத்தை அது குறைக்கும், உண்மை. 80இல் நிறுத்தாது. இதற்கு 'இழுவை ஆளி' என்று வேண்டுமானால் பெயர் வையுங்கள், நான் எதிர்க்கமாட்டேன்.

80இல் நிறுத்த வேண்டுமென்றால் அதைப் போனிடமே கேட்க வேண்டும், வீதம் தெரிந்தது அதற்குத்தான். ஐபோன் 15இலிருந்து 80இல் நிறுத்துகிற தெரிவு உண்டு. பல ஆண்ட்ரொய்ட் போன்களின் பற்றரிப் பகுதியிலும் இருக்கிறது. அந்தத் தெரிவு உள்ளவருக்கு நேர ஆளி தேவையே இல்லை. போதாக்குறைக்கு, நீங்கள் எழும்பும் நேரத்தைப் பழகி, 80இல் பிடித்து வைத்து, மிச்சத்தை விடியற்காலையில் ஏற்றுகிற வசதியைப் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். போன் ஐந்து மணிக்காகக் காத்திருக்கும், பிளக் ஒரு மணிக்கே நிறுத்தியிருக்கும். நேர ஆளி பழைய போனுக்கும், அந்தத் தெரிவு இல்லாத மலிவுப் போனுக்கும் உரிய சாமான்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்கிறவர்களுக்கு ஒரு வரி. இப்போதைய நல்ல சார்ஜர் சும்மா செருகியிருந்தால் 0.1 வாட் அளவுக்கும் குறைவாகத்தான் தின்னும். வைஃபையோடு விழித்திருக்கிற பிளக் அரை வாட், ஒரு வாட் தின்னும். ஒரு வாட் என்றால் நாளைக்கு 24 வாட் மணி, போனுக்கு ஏற்றியதைவிடக் கூட.

'ஸ்மார்ட்' பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் பக்கம் அதைத் 'திறன்' ஆக்கினார்கள். ஸ்மார்ட்போன் திறன்பேசியானது, அந்த வழியில் இது 'திறன் செருகி'. தமிழ்நாட்டுப் பௌதிகப் புத்தகத்தில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. நாங்கள் அதற்கு 'வலு' என்று படித்தோம். வாட் எண் எழுதியிருக்கிற ஒரு சாமானுக்கே 'திறன் செருகி' என்று பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை எதை விளங்கும்? 'சூட்டிகைச் செருகி' என்கிறவர்களும் உண்டு. சூட்டிகை பிள்ளைக்குப் பொருந்தும். மணி பார்க்க மட்டும் தெரிந்த பிளாஸ்டிக் துண்டுக்கு அது கூடிப்போன புகழ்.

நேர ஆளி எங்கே சறுக்கும் என்பதற்கு எங்கள் ஊருக்கென்றே ஒரு விடை இருக்கிறது: கரண்ட் போனால். செயலியில் இரண்டு வழி உண்டு. Schedule என்பது மணி வைத்து நிறுத்துவது. Countdown என்பது போட்ட நேரத்திலிருந்து எண்ணி நிறுத்துவது. இரண்டையும் 'டைமர்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்க்கிறார்கள், வித்தியாசம் இருட்டில்தான் தெரியும். எண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலான பிளக்குகளில் எண்ணிக்கை அழிந்துவிடும். கரண்ட் வந்ததும் பிளக் முன்பு இருந்தபடி ஓடத் தொடங்கும், நிறுத்தச் சொல்ல இனி ஒருவரும் இல்லை, போன் விடியும்வரை ஏறும். மணி வைத்திருந்தாலும், ஒரு மணிக்கு நிறுத்தச் சொல்லி, பன்னிரண்டே முக்காலுக்குப் போன கரண்ட் ஒன்றரைக்கு வந்தால் அந்தக் கட்டளையும் தவறிப்போயிருக்கும். காலையில் கையில் எடுக்கும்போது, ஒன்றரை மணி வைத்த போன் 100 காட்டினால் இரவில் கரண்ட் போய் வந்திருக்கலாம். சமையலறை மின்சார மணிக்கூடு சைபரில் மின்னிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லை.

இதற்கு மருந்து சுலபம். மணி வைத்து நிறுத்துங்கள், ஆனால் ஒரு தடவை அல்ல. ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு என்று மூன்று தடவை நிறுத்தச் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே நின்ற பிளக்கை மறுபடி நிறுத்துவதால் ஒன்றும் கெடாது, தவறிய கட்டளையை அடுத்தது பிடித்துக்கொள்ளும். கரண்ட் வந்த பிறகு ரவுட்டர் எழும்பி, பிளக் நேரத்தைக் கேட்டு வாங்க இரண்டு மூன்று நிமிடமாகும். அதற்கும் இந்த இடைவெளி போதும்.

கரண்ட் வந்ததும் பிளக் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிற தெரிவும் செயலியில் இருக்கிறது: நின்றபடி, ஓடியபடி, விட்ட நிலையில். முதலாவதைத் தெரிந்தால் விடியும்வரை ஏறாது. ஆனால் பதினொன்றரைக்கே கரண்ட் போய் வந்த நாளில் போன் ஏறாமலே கிடக்கும், காலை அலாரமும் அடிக்காமல் போகலாம். எழும்பியே ஆகவேண்டிய நாளில் 'ஓடியபடி'யும் மூன்று கட்டளையும்தான் என் தெரிவு. ஆங்கிலத்தில் 'Remember last state' என்கிற மூன்றாவதை நான் வாங்கிய பிளக்கின் துண்டுத்தாளில் தமிழில் தேடினேன். 'கடைசி மாநிலத்தை நினைவில் கொள்' என்று போட்டிருந்தது. எங்களுக்கு மாநிலமே கிடையாது, ஒன்பது மாகாணம்தான் இருக்கிறது.