ஆறு மெழுகுவர்த்தியும் ஒரு பொய் வெளிச்சமும்

கட்டி முடிக்காத அறைகளுக்குக் கணினியில் படம் செய்து கொடுப்பது என் தொழில். வீடு, துணிக்கடை, மருத்துவமனை வரவேற்பறை என்று எல்லாம் வரும். அவற்றில் பார்வைக்கு எளிதாகவும் செய்வதற்கு ஏமாற்றுவதாகவும் இருப்பது ஸ்பா அறை. கட்டில், சுருட்டிய துவாலை, நாலு எண்ணெய்ப் புட்டி, சில மெழுகுவர்த்திகள், தேன் நிறத்தில் மங்கலான வெளிச்சம். இவ்வளவுதான் கேட்பார்கள். அந்த வெளிச்சத்தில்தான் நான் ஒருமுறை தவறு செய்தேன்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு நலவாழ்வு மையம். இணையதளத்தின் முகப்புக்குச் சிகிச்சை அறையின் படம் வேண்டும், அறையில் அப்போதுதான் பூச்சுவேலை நடக்கிறது என்றார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் எண்ணெய்ச் சிகிச்சைக்கான மரக்கட்டில், சுவரோரம் மூங்கில் அடுக்கு. அடுக்கில் வெள்ளைத் துவாலைகளைச் சுருட்டி வைத்து, பக்கத்தில் ஆறு மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். வேறு விளக்கே இல்லை. படம் அழகாக வந்தது. உரிமையாளர் ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டார்.

பொய் எங்கே இருந்தது என்று சொல்கிறேன். நான் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளில் விளக்கின் வலிமையை வாட் அளவில் கொடுக்க வேண்டும். அது மின்கட்டணத்தில் வரும் வாட் அன்று. விளக்கிலிருந்து ஒளியாக வெளியேறும் ஆற்றல். 800 லூமன் தரும் சாதாரண எல்.இ.டி. பல்புக்கு அங்கே ஏறத்தாழ 2 போதும். மெழுகுவர்த்திக்கு 0.05. நான் எண்ணைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். அறை போதிய அளவு தெரியும்வரை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு திரிக்கும் 2 என்று வைத்திருந்தேன். நாற்பது மடங்கு. சுடர் வடிவத்துக்குள் ஆறு பல்புகளை ஒளித்து வைத்ததற்குச் சமம்.

உண்மை மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமன். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் நம் மேல் விழும் ஒளி ஒரு லக்ஸ். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த அடுக்கு கட்டிலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. ஆறு சுடரும் சேர்ந்து கட்டில் மேல் நேரடியாக மூன்று லக்ஸ்கூடக் கொடுக்காது. சிகிச்சை செய்பவருக்கு உடம்பில் இருக்கும் தடிப்பு தெரியாது. தரையில் சிந்திய எண்ணெயும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து உரிமையாளர் அழைத்தார். வருகிறவர்கள் அறை படம்போல இல்லை என்கிறார்களாம். போய்ப் பார்த்தேன். என் படத்தை அச்செடுத்துச் சரக்கு அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் அதைப் பார்த்துத்தான் அறையை அடுக்குகிறார்கள். மூங்கில் அடுக்கில் ஆறுக்குப் பதில் இருபத்திரண்டு சிறு மெழுகு விளக்குகள். மேல் தட்டின் அடிப்பக்கம் கரி படிந்திருந்தது. ஓரத்துத் துவாலை ஒன்றின் முனை தீய்ந்து பழுப்பாகியிருந்தது.

அங்கே இருபது வருடமாக இந்த வேலை செய்யும் அம்மா ஒருவர் இருந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்: “படத்தில் இருக்கிற வெளிச்சத்தை வரவைக்கத்தான் தம்பி ஒவ்வொன்றாகக் கூட்டினோம். எத்தனை வைத்தாலும் வரவில்லை.”

வராதுதான். இருபத்திரண்டையும் ஏற்றச் சொல்லிக் கட்டில் மேல் ஒளிமானியை வைத்தேன். ஏழு லக்ஸ். என் படத்தின் வெளிச்சம் வேண்டுமென்றால் இருநூறுக்கு மேல் ஏற்ற வேண்டும்.

சுடரும் துணியும் எண்ணெயும் ஒரே சட்டகத்தில் இருப்பதை இந்த வகைப் படங்களில் ஆயிரம் முறை பார்த்துவிட்டோம். அதனால் கண்ணில் உறுத்துவதில்லை. எரியும் மெழுகுவர்த்தியைச் சுற்றி ஓர் அடிக்குள் தீப்பற்றும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது தீத்தடுப்புக்காரர்கள் சொல்லும் எளிய கணக்கு. மேலே தட்டு இருக்கும் அடுக்கு அதைவிட மோசம், ஏனென்றால் சூடு மேலே போய் அங்கேயே தங்கும். ஏ.சி. காற்று சுடரைச் சாய்க்கும். சாய்ந்த சுடர் கரி கக்கும். ஆகவே தட்டில் கரி தெரிந்தால், பெரும்பாலும் சுடர் அங்கே நிலையாக எரியவில்லை என்று பொருள்.

அன்று நான் கற்றுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. துவாலைகளைச் சுருட்டி நெருக்கி அடுக்குவது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் எண்ணெய்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்திய துவாலையைத் துவைத்தாலும் நூலுக்குள் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். நல்லெண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும். புட்டிக்குள் இருக்கையில் அது பொருட்டே இல்லை. நூல் நூலாகப் பரவியிருக்கும்போது காற்றுபடும் பரப்பு பெருகிவிடுகிறது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த துவாலைகளை உடனே நெருக்கி அடுக்கினால் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை, கூடிக்கொண்டே போகும். சுடரே இல்லாமல், சில மணி நேரம் கழித்து, ஆளில்லாத இரவில்கூட அடுக்கு கனன்று எரியலாம். மசாஜ் நிலையங்களின் சலவை அறைத் தீ விபத்துகளில் இது தெரிந்த காரணம்தான்.

கண்டுபிடிக்க மூக்கு போதும். துவைத்த துவாலையில் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது. கை வைத்தால் அடுக்கின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடாக இருந்தால் உடனே பிரித்துப் போட வேண்டும். முழுதாக ஆறிய பிறகே மடிக்க வேண்டும். பழுப்பேறி வாடை போகாதவற்றைக் கழித்துவிட வேண்டும். அந்த மையத்தில் மூக்கால் பார்த்தபோது பாதிக்குமேல் கழிந்தன.

படத்தைத் திரும்பச் செய்தேன், இந்த முறை அறைக்கு முதலில் விளக்கு வாங்க வைத்துவிட்டு. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு சிறு திண்டு கட்டி, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல், இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. பட்டி. பக்கச் சுவரில், ஒளியைச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் விழவைக்கும் ஒரு விளக்கு. இரண்டுக்கும் ஒளி குறைக்கும் திருகி. ஆட்களைத் தயார்படுத்தும்போதும் தரையைத் துடைக்கும்போதும் முழு வெளிச்சம், சிகிச்சையின்போது கால்பங்கு.

கூரையில் நேர்கீழாக ஒளிரும் விளக்கு வேண்டாம் என்றேன். காரணத்தைப் படத்தில் காட்டினேன். நாங்கள் எப்போதும் கேமராவை வாசலில், நிற்பவர் கண் உயரத்தில் வைப்போம். இந்த அறைக்கு வருகிறவரோ மல்லாந்து படுத்திருப்பார். தலையணை இருக்கும் இடத்தில் இன்னொரு கேமராவை வைத்து மேல்நோக்கித் திருப்பினால், வாசலிலிருந்து அமைதியாகத் தெரிந்த அதே கூரை விளக்கு கண்ணைக் குத்தும். ஸ்பா அறைக்கு விளக்கு முடிவு செய்யும் எவரும் அந்தக் கட்டிலில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கலாம், செலவில்லை.

உண்மையான எண்களை இட்டதும் படம் முதலில் மந்தமாக இருந்தது. அங்கேதான் கை துறுதுறுக்கும். விளக்கைக் கூட்டாமல் கேமராவின் ஒளியேற்பைக் கூட்டினேன். இருட்டறையில் புகைப்படக்காரர் செய்வதும் அதுதான். அப்படிச் செய்தால் விளக்குகளுக்கிடையே இருக்கும் விகிதம் கெடாது. எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் வெண்சமநிலையை 3200 கெல்வின் அருகே வைத்தேன். 2700 விளக்கு இளமஞ்சளாகவும், 1900 அளவில் இருக்கும் சுடர் அதைவிடச் செம்மையாகவும் தனித்துத் தெரிந்தன. பகல் வெளிச்சத்துக்கான 6500-இலேயே விட்டிருந்தால் அறை முழுவதும் ஆரஞ்சுச் சாயம் பூசியதுபோல ஆகியிருக்கும். சுடர் அறைக்கு வெளிச்சம் தரவில்லை. மெழுகின் மேல்விளிம்பை மட்டும் உள்ளிருந்து மினுங்க வைத்தது. உண்மையிலும் அது செய்கிற வேலை அவ்வளவுதான்.

எண்ணெயையும் திருத்தினேன். முதல் படத்தில் இருந்தது ஆலிவ் எண்ணெய், ஆயத்தக் கணினி மாதிரிகளின் கிடங்கிலிருந்து எடுத்தது. இவர்களுடைய தைலம் அடர்பழுப்பு. வெளிச்சம் பட்டால் கெடும் என்று கருநிறப் புட்டியில் வைத்திருக்கிறார்கள். கட்டிலருகே இருப்பது புட்டியே அன்று, வெந்நீருக்குள் இறக்கிய பித்தளைக் கிண்ணம். அதையே வைத்தேன். (கண்ணாடிப் புட்டிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடி 1.5. இரண்டும் நெருக்கம் என்பதால் உண்மையில் புட்டியின் உட்சுவர் மறைந்துபோகும். எண்ணெய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால் எண்ணெய் ஜெல்லிபோல மிதக்கும். எண்ணெய் வடிவத்தைக் கண்ணாடிக்குள் சற்றே நுழைய விடுங்கள்.) துவாலையும் வெள்ளையில்லை, அவர்கள் வாங்கும் கரும்பச்சை. தளர்வாக மடித்து மூடிய அலமாரியில் வைத்தேன்.

படத்தின் அடியில் ‘கணினியில் உருவாக்கிய மாதிரிப் படம்’ என்று ஒரு வரி போடச் சொன்னேன். உரிமையாளர் தயங்கினார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றேன். ஓர் அறைப் படத்துக்கு அந்த அளவு போவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டி வருகிறவர் எதைப் பார்த்து வந்தாரோ அதைத்தானே கேட்பார்.

மெழுகுவர்த்தி மூன்றுக்கு வந்து நின்றது. இரண்டு கல் மாடத்துக்குள், கண்ணாடிக் கூண்டில். மூன்றாவதைக் கட்டிலுக்கு ஏறும் மரப்படியின் ஓரத்தில் வைத்திருந்தேன். முன்தளத்தில் ஒரு ஒளிப்புள்ளி இருந்தால் படத்துக்கு ஆழம் வரும். அச்செடுத்து ஒட்டுவதற்கு முன் அந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

“இது மட்டும் வேண்டாம் தம்பி. எண்ணெய்க் காலோடு இறங்குகிறவர் முதலில் மிதிப்பது அந்தப் படியைத்தான்.”

அன்றைக்கே எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கதவில் இருப்பது இரண்டு மெழுகுவர்த்திப் படம்.