ஆட்டோகேட் முடங்கியதும் கை சேவ் பட்டனுக்குப் போகக் கூடாது

ஃபைல் கெட்டுப்போய் வேலை தொலைவதைவிட, அதைக் காப்பாற்றப் போய்த் தொலைப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகத் திறக்கும் வரைபடத்தை "திறந்துவிட்டதே" என்று ஒரு முறை சேவ் செய்தால் போதும், நல்ல பிரதி போய்விடும். `.bak` ஃபைலில் இருப்பது கடைசி சேவுக்கு முந்தைய நிலை மட்டும்தான். அடுத்த சேவிலேயே அதன் இடத்தில் கெட்ட ஃபைல் வந்து உட்காரும்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தூண் அமைப்பு வரைபடத்தை 4:40 மணிக்கு சேவ் செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்து பார்த்தால் `.dwg` 0 கேபி. அதே ஃபோல்டரில் 3:55 மணி நேரம் காட்டும் `.bak` இருந்தது. அதை எடுத்தால் முக்கால் மணி நேர வேலை போகும். அதனால் ஆட்டோசேவைத் தேடினோம். அது வரைபடம் இருக்கும் ஃபோல்டரில் இருக்காது. ஆட்டோகேட்டில் `SAVEFILEPATH` என்று டைப் செய்தால் இடம் தெரியும். மாற்றாமல் விட்டிருந்தால் விண்டோஸின் `%TEMP%` ஃபோல்டர்தான். வரைபடம் சர்வரில் இருந்தாலும், வரைந்தவரின் கணினியில்தான் தேட வேண்டும்.

அங்கே வரைபடத்தின் பெயரும் சில எண்களும் சேர்ந்த `.sv$` ஃபைல் 4:32 நேரத்தோடு கிடைத்தது. அதை வேறு ஃபோல்டருக்கு காப்பி செய்து, `.dwg` என்று பெயர் மாற்றி, `RECOVER` கட்டளையில் திறந்தோம். அப்புறம் `AUDIT` ஓட்டி, பிழைகளைச் சரிசெய்ய Y கொடுத்தோம். போனது எட்டு நிமிட வேலை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதுப் பெயரில் சேவ் செய்தோம்.

ஆட்டோசேவை முழுக்க நம்பவும் முடியாது. வரைபடத்தை ஒழுங்காக மூடினால் `.sv$` அழிந்துவிடும். "சேவ் செய்யவா" என்ற கேள்விக்கு அவசரத்தில் No அழுத்தினாலும் அதே கதிதான். `REFEDIT`-இல் பிளாக்கைத் திறந்து வைத்திருக்கும்போது ஆட்டோசேவ் வேலையே செய்யாது. `SAVETIME` வழக்கமாக 10 நிமிடம். நான் 5 வைத்துக்கொள்கிறேன். பெரிய ஃபைல்களில் அடிக்கடி நின்று எரிச்சலூட்டும், இருந்தாலும் சரி.

அடிக்கடி கண்ட்ரோல்-எஸ் அழுத்துபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சேவிலும் ஆட்டோசேவின் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். அதனால் `.sv$` கடைசி சேவைவிடப் பழையதாக இருக்கலாம், இல்லாமலேயும் போகலாம். எடுப்பதற்கு முன் மூன்று ஃபைல்களின் நேரத்தையும் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, கோளாறு காலையிலேயே வரைபடத்துக்குள் புகுந்திருந்தால், மாலையில் இருக்கும் `.bak`, `.sv$` இரண்டிலும் அது இருக்கும். அப்போது உதவுவது சர்வர் பேக்கப்போ ஒன்டிரைவின் வெர்ஷன் ஹிஸ்டரியோதான். அதிலும் பழைய பதிப்பை நேரடியாக ரீஸ்டோர் செய்யாமல் தனியாக டவுன்லோட் செய்யுங்கள். அதை `AUDIT` செய்து பிழை இல்லை என்று வந்தால், இன்று வரைந்ததில் நல்ல பகுதியை மட்டும் அதற்குள் காப்பி செய்து, மறுபடி ஒருமுறை `AUDIT` ஓட்டுங்கள். பிழை அப்போது தலைகாட்டினால், அது கடைசியாகக் கொண்டுவந்த பகுதியில்தான் இருக்கிறது.