“சரிங்க” என்று தலையாட்டுகிறவர்: மனநலச் சிகிச்சையில் உறவின் பங்கு

மனநலச் சிகிச்சைக்காக முதல்முறை தொலைபேசியில் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் ஓரளவு படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். “நீங்க சிபிடி பண்ணுவீங்களா, இல்ல வேற முறையா?” என்று பலரும் கேட்கிறார்கள். சிபிடி என்பது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. நல்ல கேள்விதான். ஆனால் அவர் இரண்டு மாதம் கழித்துத் தேறியிருப்பாரா என்பதை அதற்கான பதிலை வைத்து ஊகிப்பது கடினம். மூன்றாவது, நான்காவது சந்திப்பு வாக்கில் அவரிடம் தனியாக, “இந்தச் சிகிச்சையாளருடன் சேர்ந்து வேலை செய்வது எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் அதைவிட நன்றாகச் சொல்லிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. எந்தச் சிகிச்சை முறையானாலும் அவற்றுக்குள் பொதுவாக இருக்கும் சில அம்சங்கள்தான் குணப்படுத்துகின்றனவோ என்ற சந்தேகத்தை 1936-லேயே உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் எழுப்பினார். அதன்பின் முறைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு எத்தனையோ ஆய்வுகள் நடந்துவிட்டன. முறையாக வகுக்கப்பட்டு, பயிற்சி பெற்றவர்கள் நம்பிச் செய்யும் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டால், பலனில் தெரியும் ஏற்றத்தாழ்வில் முறையின் பங்கு தாராளமாகக் கணக்கிட்டாலும் 1 சதவீத அளவில் நின்றுவிடுகிறது. 2018-இல் ஃப்ளூக்கிகரும் சக ஆய்வாளர்களும் 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்ட பயனாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை உறவுக்கும் பலனுக்கும் இடையிலான தொடர்பு 0.28 என்று வந்தது. அதாவது ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய 8 சதவீதம். பெரிய எண்ணாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் பயனாளியின் வாழ்க்கைச் சூழல், நோயின் கடுமை, குடும்பத்தின் ஆதரவு என்று எத்தனையோ காரணிகள் பங்குபோடும் இடத்தில், சிகிச்சை அறைக்குள் நாம் அளக்கக்கூடிய வேறெந்த ஒன்றும் இவ்வளவு சீராகத் தென்படுவதில்லை.

மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் இது தென்பட்டது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் மனச்சோர்வுக்காக நடத்திய பெரிய ஆய்வில் நான்கு குழுக்கள் இருந்தன: சிபிடி, பயனாளியின் அன்றாட உறவுகளை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சை, இமிப்ரமின் மாத்திரை, மருந்தே இல்லாத போலி மாத்திரை. மாத்திரைக் குழுக்களிலும் மருத்துவர் ஒருவர் அவ்வப்போது பார்த்துப் பேசினார். 1996-இல் கிரப்னிக் குழுவினர் அந்தச் சந்திப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நல்ல சிகிச்சை உறவு இருந்தவர்கள் நான்கு குழுக்களிலுமே கூடுதலாகத் தேறியிருந்தார்கள்.

சரி, அந்த உறவு என்பது என்ன? இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். அன்பாகப் பேசுவது, பொறுமையாகக் கேட்பது, “ரொம்ப நல்லவங்க” என்று பெயரெடுப்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் இதை மூன்றாகப் பிரித்தார். முதலாவது இலக்கு: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் இருக்கிறதா? இரண்டாவது பணி: அதற்காக வாரா வாரம் செய்கிற வேலை பயனாளிக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறதா? மூன்றாவது பிணைப்பு: இந்த மனிதர் என்னை மதிக்கிறார், இவரை நம்பலாம் என்ற உணர்வு. மூன்றில் இரண்டு ஒத்துப்போவது பற்றியவை. பிணைப்பு மட்டும் நன்றாக இருந்து மற்ற இரண்டும் இல்லையென்றால், சந்திப்புகள் இதமாக நடக்கும். ஆறு மாதம் ஓடியிருக்கும், ஒன்றும் மாறியிருக்காது.

என்னிடம் மேற்பார்வைக்கு வரும் ஓர் இளம் சிகிச்சையாளர் கொண்டுவந்த ஒரு சிகிச்சையைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. மறதி நோயால் அவதிப்படும் தாயைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறார். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 17. சிகிச்சையாளர் சிபிடியில் நன்கு பயிற்சி பெற்றவர். இரண்டாவது சந்திப்பிலேயே எண்ணப் பதிவேடு கொடுத்தார்: என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று கட்டம் போட்டு எழுதுவது. அவர் எழுதிவந்த முதல் எண்ணம்: “நான் ஒரு கெட்ட மகள்.” சிகிச்சையாளர் எதிர் ஆதாரங்களைத் தேட உதவினார். எத்தனை வருடமாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், வேறு யார் செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். அவரும் “ஆமாங்க மேடம், நீங்க சொல்றது சரிதான்” என்றார்.

மூன்றாவது வாரம் பதிவேட்டில் ஒரே ஒரு வரி. நான்காவது வாரம் இருபது நிமிடம் தாமதம், பதிவேட்டை மறந்துவிட்டார். படிவத்தில் 16. சிகிச்சையாளர் எண்ணப் பதிவேடு ஏன் முக்கியம் என்று மறுபடி, இன்னும் தெளிவாக விளக்கினார். ஒலிப்பதிவில் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. பதிலுக்கு வந்தவை: “சரிங்க.” “புரியுதுங்க.” “கண்டிப்பா செய்றேங்க மேடம்.” குரல் மட்டும் ஒவ்வொரு முறையும் தாழ்ந்துகொண்டே போனது.

சிகிச்சை உறவில் விழும் விரிசல்களை ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் முரானும் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் பயனாளி நேருக்கு நேர் குறைசொல்வார்: “இதெல்லாம் எனக்கு உதவலை.” இது கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கையாள எளிது. இன்னொன்றில் அவர் விலகிப்போவார், அதுவும் மரியாதையாக. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், பேச்சு பொதுப்படையாகும், வீட்டுப்பாடம் அரைகுறையாகும், ஒரு நாள் வருவதை நிறுத்திவிடுவார். பெரியவர்களையும் படித்தவர்களையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்களிடம் இந்த இரண்டாம் வகையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

விலகல் தெரியும்போது முறையை இன்னும் அழுத்திப் பிடிப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே உரிய அனிச்சைச் செயல். காஸ்டன்கேயும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மனச்சோர்வுக்கான சிபிடியில் உறவு தடுமாறியபோது, சில சிகிச்சையாளர்கள் அந்தத் தடுமாற்றத்தையே ‘தவறான எண்ணம்’ என்று எடுத்துக்கொண்டு எண்ணங்களைத் திருத்துவதில் மேலும் இறங்கினார்கள். அந்தப் பயனாளிகள் குறைவாகவே தேறினார்கள். நுட்பம் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. இருவரும் ஒத்துப்போகாத நிலையில் அதை இன்னும் அதிகமாகக் கொடுத்ததுதான் சிக்கல்.

நான்காவது சந்திப்பின் முடிவில் நான்கு கோடுகள் கொண்ட ஒரு சிறு படிவத்தைப் பயனாளிக்குக் கொடுக்கும்படி அந்த இளம் சிகிச்சையாளரிடம் சொன்னேன். ஒவ்வொரு கோடும் 10 சென்டிமீட்டர். என்னைக் கவனித்துக் கேட்டார், நான் பேச விரும்பியதைப் பேசினோம், இந்த அணுகுமுறை எனக்குப் பொருந்துகிறது, மொத்தத்தில் இன்றைய சந்திப்பு சரியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் பயனாளி ஓர் இடத்தில் குறியிடுவார், அதை அளவுகோலால் அளக்க வேண்டியதுதான். மொத்தம் 40. இதில் 36-க்குக் கீழே போனாலே பேசிப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. முகத்துக்காகப் பெரும்பாலானோர் உயர்வாகவே குறியிடுவார்கள் என்பதால்தான் எல்லை அவ்வளவு மேலே இருக்கிறது. இவர் இட்ட குறிகள்: 9.6, 9.2, 7.9, 9.1. கூட்டினால் 35.8. மூன்றாவது கோடு மட்டும் தனியாகத் தெரிகிறது.

ஐந்தாவது சந்திப்பில் சிகிச்சையாளர் பதிவேட்டை எடுக்கவே இல்லை. “போன வாரம் மூணாவது கோட்டுல கொஞ்சம் இந்தப் பக்கமா குறி போட்டிருந்தீங்க. அது எனக்கு ரொம்ப உபயோகமான தகவல். நான் குடுக்கிற வேலையில ஏதோ ஒண்ணு உங்களுக்கு ஒத்துவரலைன்னு தோணுது. எதுன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பதிவில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மௌனம். முதலில் “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று வந்தது. சிகிச்சையாளர் அவசரப்பட்டு நிரப்பவில்லை. பிறகு அவர் சொன்னார்: “நீங்க நல்ல மகள்னு எழுத வெக்கிறீங்க. ஆனா நான் அம்மாவ அடிச்சிருக்கேங்க.”

ஒரு முறை, இரவு மூன்று மணிக்கு, தாய் ஐந்தாவது முறையாக எழுந்து கதவைத் திறக்கப் போனபோது கையை ஓங்கிவிட்டார், தோளில் பட்டது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த நினைவை வைத்துக்கொண்டு எதிர் ஆதாரம் எழுதும் ஒவ்வொரு முறையும் பொய் எழுதுவதாக உணர்ந்திருக்கிறார். சிகிச்சையாளரின் இலக்கு மனச்சோர்வைக் குறைப்பது. அவருடைய இலக்கோ இன்னொரு முறை கை ஓங்காமல் இருப்பது. நான்கு வாரமாக இருவரும் ஒரே அறையில் வேறுவேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பின் நடந்ததில் பாதி நுட்பம்தான். தாய்க்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலில் தெளிவாக மதிப்பிட்டார்கள், இரவுக் கவனிப்பை வாரத்தில் இரண்டு நாள் உறவினர் ஒருவர் ஏற்க ஏற்பாடானது. அப்புறம் அதே எண்ணப் பதிவேடு திரும்ப வந்தது. இம்முறை கோபம் ஏறும் நொடிக்கு முன் மனதில் ஓடும் வாக்கியத்தைப் பிடிப்பதற்காக. “வேணும்னே பண்றாங்க” என்பதுதான் அந்த வாக்கியம். அதை அவரே கண்டுபிடித்து எழுதினார், வாரம் தவறாமல் எழுதினார். பன்னிரண்டாவது சந்திப்பில் மனச்சோர்வுப் படிவத்தில் 8. முன்பு செயல்படாத அதே கருவி, அது எதற்கு என்பதில் இருவரும் உடன்பட்ட பிறகு செயல்பட்டது.

இதை வைத்து முறையே தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். எண்ணச் சுழல் நோயான ஓசிடியில், குறிப்பிட்ட பொருள்மீதான அச்சத்தில், பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு வெறும் ஆதரவாகப் பேசிக்கொண்டிருந்தால் வருடங்கள் வீணாகும். அங்கேயும் உறவு தேவைப்படுகிறது, ஏனென்றால் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது போன்ற கடினமான வேலைக்கு ஒருவர் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வேலையைச் செய்வது பயிற்சிதான். அதேபோல, உறவு நன்றாக இருப்பதால் தேறுகிறாரா, தேறுவதால் உறவு நன்றாகத் தெரிகிறதா என்ற கேள்வியும் நியாயமானது. வாரா வாரம் இரண்டையும் அளந்த ஆய்வுகள் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று காட்டுகின்றன.

உறவு சரியில்லையென்றால் பயனாளிதான் ‘ஒத்துழைக்காதவர்’ என்று சொல்வதும் எளிது. 2007-இல் பால்ட்வின், வாம்பால்ட், இமெல் ஆகியோர் 80 சிகிச்சையாளர்களின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே சிகிச்சையாளரின் பயனாளிகளுக்கிடையே உறவில் இருந்த வேறுபாடு பலனைக் கணிக்கவில்லை. பலரோடும் நல்ல உறவை அமைக்கும் சிகிச்சையாளர்களின் பயனாளிகளே அதிகம் தேறினார்கள். ஆக, முதல் பொறுப்பு எங்கள் பக்கம்தான்.

நீங்கள் சிகிச்சையில் இருப்பவரானால், மூன்று நான்கு சந்திப்புக்குப் பின் வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள்: நாங்கள் எதற்காக வேலை செய்கிறோம் என்று கேட்டால் நானும் அவரும் ஒரே பதிலைச் சொல்வோமா? கொடுக்கும் பயிற்சி எதற்கென்று எனக்குத் தெரிகிறதா? சொல்லாமல் மறைப்பது எதுவும் இருக்கிறதா? இடறினால் அடுத்த சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் அல்ல. “இந்த வேலை எனக்கு எதுக்குன்னு புரியலை” என்ற ஒரு வாக்கியம் போதும். நல்ல சிகிச்சையாளர் அதைக் கேட்டதும் கேள்வி கேட்பார், திட்டத்தை உங்களோடு சேர்ந்து மாற்றிப் பார்ப்பார். இரண்டு முறை சொன்ன பிறகும் அதே விளக்கத்தை மறுபடி தருகிறார் அல்லது உங்கள் குறையையே நோயின் அறிகுறி என்கிறார் என்றால், வேறொருவரைப் பாருங்கள். போகும்போது இதுவரை செய்தவற்றின் சுருக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனால் புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.