ஆக்ஸலேட்டரை மிதித்தால் பாட்டுக்குள் ஏன் ஊளை ஏறுகிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போய்வரும்போது கைப்பேசியை ஆக்ஸ் ஒயரில் மாட்டிப் பாட்டுக் கேட்பாராம். சார்ஜரையும் செருகினால் ஸ்பீக்கரில் மெல்லிய ஊளை கேட்கிறது. ஆக்ஸலேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறுகிறது. தோட்டத்துக்கு மேலே போகும் உயரழுத்த மின்கம்பிதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள்.

மின்கம்பி காரணமில்லை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரைச்சல் எப்போதும் ஒரே சுருதியில்தான் நிற்கும். கார் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்க அதற்கு வழியே இல்லை. ஏறி இறங்குவது, எஞ்சின் பெல்ட்டால் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர்.

எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் அதை இரண்டரை மடங்காக்கினால் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று, அதாவது விநாடிக்கு சுமார் 33 சுற்று சுழலும். 12 காந்த முனைகள் உள்ள ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 6 அலை. அதில் பிறக்கும் மூன்று கட்ட மின்னோட்டத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக மாற்றும்போது ஒவ்வோர் அலைக்கும் மின்னழுத்தத்தில் 6 சிறு மேடுகள் மிஞ்சும். ஆக ஒரு சுற்றுக்கு 36 மேடு, விநாடிக்குச் சுமார் 1,200. நம் காதுக்கு அது தெளிவான ஒரு சுரம். எஞ்சின் 2,400 சுற்றுக்குப் போனால் அது 3,600 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அவர் கேட்கும் ஊளை இதுதான்.

ஆனால் இந்த மேடுகள் பாட்டுக்குள் எப்படி நுழைகின்றன? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆக்ஸ் ஒயரில் இடது, வலது ஒலிக்கு ஒவ்வொரு கம்பி. இரண்டுக்கும் பொதுவாக ஓர் எர்த் கம்பி. ரேடியோ தன் சொந்த எர்த்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டுதான் மற்ற இரண்டையும் அளக்கிறது. சார்ஜர் இல்லாதவரை அந்த எர்த் கம்பியில் பாட்டின் மின்னோட்டம் தவிர வேறெதுவும் ஓடுவதில்லை. சார்ஜரைச் செருகியதும் கைப்பேசியின் எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்துவிடுகிறது: சார்ஜர் வழியாகக் காரின் பாடிக்கு ஒன்று, ஆக்ஸ், ரேடியோ வழியாக அதே பாடிக்கு இன்னொன்று. இந்த வளையம்தான் கிரவுண்ட் லூப்.

சார்ஜிங் மின்னோட்டம் 2 ஆம்பியர் என்போம். திரும்பும்போது அது இரண்டு வழியிலும் பிரிகிறது. கால் பங்கு, அதாவது அரை ஆம்பியர், ஆக்ஸ் எர்த்தில் ஓடி, அந்தக் கம்பியின் தடை 0.1 ஓம் என்றால், கம்பியின் இரு முனைக்கும் இடையே 50 மில்லிவோல்ட் விழும். மின்னோட்டம் மாறாமல் இருந்தால் காதுக்கு ஒன்றும் கேட்காது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஆடினாலே 1 மில்லிவோல்ட். பாட்டோ 100 மில்லிவோல்ட் அளவில்தான் வருகிறது. பாட்டின் இடைவெளிகளில் இந்த ஆட்டம் நன்றாகவே கேட்கும். ஆடும் பலகையில் நின்றுகொண்டு சுவரின் உயரத்தை அளப்பது போல, பலகையின் ஆட்டத்தையும் ரேடியோ பாட்டாகவே எண்ணிக்கொள்கிறது. காரின் பாடியில் இரண்டு எர்த் புள்ளிகளுக்கு இடையே உள்ள ஆல்டர்னேட்டர் மேடுகளும் இதே கம்பி வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

உறுதிப்படுத்துவது எளிது. கார் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர்பேங்கில் சார்ஜ் செய்து பாருங்கள். ஊளை நின்றால் லூப்தான். எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி வைத்தாலும் இரைச்சல் மிச்சமிருந்தால், அந்த மிச்சம் சார்ஜருடையது.

தங்க முலாம் பூசிய ஒயர் இதைத் தீர்க்கும் என்பது வெறும் நம்பிக்கை. வளையம் அப்படியே இருக்கிறதே. ஒயரில் மாட்டும் ஃபெரைட் உருளையும் மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கானது, 1,200 ஹெர்ட்ஸை அது தடுக்காது. புளூடூத் ரிசீவர் வாங்கி அதையும் கார் சார்ஜரிலேயே செருகி ஆக்ஸில் மாட்டினால் லூப் திரும்பவும் முளைத்துவிடும்.

சரியான மருந்து ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி மின்மாற்றிகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாக மாறிக் கடக்கிறது. இரு பக்கத்துக்கும் இடையே செம்புத் தொடர்பே இல்லாததால் எர்த் மின்னோட்டம் கடக்க முடியாது. படிவம் ஐந்து இயற்பியலில் மின்மாற்றியை வெறும் சுற்று எண்ணிக்கைக் கணக்காக முடித்துவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்துக்குச் செலவிடும் பணத்தில் இதில் ஒன்றை வாங்கி மாணவர்களைக் கேட்க வைக்கலாம் என்பது என் ஆசை.

மலிவான ஐசொலேட்டரில் ஒரு குறை உண்டு. இரும்பு உள்ளகம் சிறியது என்பதால் தாழ்ந்த அதிர்வெண்ணில் சீக்கிரம் காந்தப்புலத்தால் நிரம்பிவிடும். உறுமி அடி கரகரக்கும். ஐசொலேட்டர் இல்லாதபோது கைப்பேசியின் ஒலியை முழுதாக வைத்து ரேடியோவைக் குறைப்பதுதான் ஊளையை அமுக்கும் வழி. மாட்டிய பிறகு அதைத் தலைகீழாக்குங்கள்: கைப்பேசியைப் பாதிக்கு இறக்கி, ரேடியோவை ஏற்றுங்கள்.