ஊரைக் குலுக்கலில் எடுத்தால் என்ன தவறு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்ட சர்வேயின் அறிக்கையைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வரும் குடும்பங்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அதன் கேள்வி. 30 ஊர், ஊருக்கு 20 வீடு, மொத்தம் 600 வீடு. களப்பணி சுத்தமாகவே நடந்திருந்தது. ஆனால் கடைசியில் வந்த சதவீதம், மாவட்டத்தைத் தெரிந்த யாரும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது.

"ஊர்களை எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எல்லா ஊர் பேரையும் எழுதிக் குலுக்கல்ல எடுத்தோம் சார். எந்த ஊருக்கும் சாதகம் பண்ணல" என்றார் குழுத் தலைவர்.

அவர் சொன்னது உண்மைதான். எல்லா ஊருக்கும் சமமான வாய்ப்பு கிடைத்திருந்தது. எல்லா வீட்டுக்கும் கிடைக்கவில்லை. நமக்கு வேண்டியது வீடுகளின் சதவீதம்.

மாவட்டத்தின் எல்லா வீடுகளையும் ஒரே பட்டியலில் போட்டு 600 எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. அப்படியொரு பட்டியல் கிடைப்பதில்லை. ரேஷன் அட்டைப் பட்டியல் இருக்கிறது, வாக்காளர் பட்டியல் இருக்கிறது. ஆனால் வெளியூரிலிருந்து பிழைக்க வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பம் இரண்டிலும் இல்லாமல் போகலாம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இரண்டு அட்டை இருக்கலாம். பட்டியலே கிடைத்தாலும் 600 வீடும் 600 மூலையில் சிதறிக் கிடக்கும். பேருந்துச் செலவிலேயே பணம் தீர்ந்துவிடும். அதனால்தான் முதலில் ஊர், பிறகு அந்த ஊருக்குள் வீடு என்று கட்டம் கட்டமாக எடுக்கிறோம். இதுதான் பலகட்ட முறை. கேள்வியெல்லாம் முதல் கட்டத்தில் ஊரை எப்படி எடுப்பது என்பதில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. எட்டு ஊர், மொத்தம் 3000 வீடு. அவற்றில் மூன்று ஊரை எடுத்து, ஊருக்கு 20 வீடு பார்க்கப் போகிறோம்.

```
ஊர்   வீடுகள்   கூட்டிக்கொண்டே வந்தால்
1      120       120
2      450       570
3       80       650
4      900      1550
5      210      1760
6      640      2400
7      150      2550
8      450      3000
```

குலுக்கலில் எடுத்தால் ஒவ்வோர் ஊருக்கும் வாய்ப்பு எட்டில் மூன்று. 7-ஆம் ஊர் வந்தால் அதன் 150 வீட்டில் 20 பார்க்கிறோம். 4-ஆம் ஊர் வந்தால் 900 வீட்டில் அதே 20. இரண்டு கட்டத்தையும் பெருக்கிப் பாருங்கள். 7-ஆம் ஊரில் இருக்கும் ஒரு வீட்டுக்கு நம் சர்வேயில் வரும் வாய்ப்பு 20-க்கு 1. 4-ஆம் ஊரின் வீட்டுக்கு 120-க்கு 1. சின்ன ஊரின் வீடு ஆறு மடங்கு அதிகமாகப் பேசுகிறது. என்னிடம் வந்த அறிக்கையில் நடந்தது இதுதான். அந்த மாவட்டத்தில் குழாய் போய்ச் சேராத இடங்கள் பெரும்பாலும் சின்ன ஊர்கள். அவற்றின் குரல் ஓங்கி ஒலித்ததால் மாவட்டத்தின் சதவீதமே இறங்கிவிட்டது.

அளவுக்கேற்ற நிகழ்தகவு முறை இதை முதல் கட்டத்திலேயே சரிசெய்கிறது. பெரிய ஊருக்குப் பெரிய வாய்ப்பு, சின்ன ஊருக்குச் சின்ன வாய்ப்பு. ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1943-இல் இதன் கணக்கை எழுதினார்கள். செய்முறை எளிது. மொத்தம் 3000 வீடு, வேண்டியது மூன்று ஊர். வகுத்தால் இடைவெளி 1000. ஒன்றிலிருந்து ஆயிரத்துக்குள் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும். 412 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதோடு ஆயிரம் ஆயிரமாகக் கூட்டினால் 412, 1412, 2412. மேலே உள்ள பட்டியலின் கடைசி நெடுவரிசையில் 412 விழுவது 2-ஆம் ஊரில், 1412 விழுவது 4-இல், 2412 விழுவது 7-இல். அவ்வளவுதான், மூன்று ஊரும் கிடைத்துவிட்டன.

இப்போது மறுபடி பெருக்கிப் பார்க்கலாம். 4-ஆம் ஊர் வரும் வாய்ப்பு 3 × 900 / 3000, அதாவது 0.9. அதற்குள் ஒரு வீடு வரும் வாய்ப்பு 20/900. பெருக்கினால் 50-க்கு 1. 7-ஆம் ஊர் வரும் வாய்ப்பு 0.15 தான், ஆனால் வந்துவிட்டால் வீட்டின் வாய்ப்பு 20/150. பெருக்கினால் அதே 50-க்கு 1. ஊரின் அளவு முதல் கட்டத்தில் மேலே நிற்கிறது, இரண்டாம் கட்டத்தில் கீழே போகிறது, ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஊருக்கு இருபது என்று ஒரே எண்ணிக்கை இருப்பதால் களப்பணியாளர்களுக்கும் வேலை சமமாகப் பிரிகிறது. எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்கு இந்த இரண்டும் காரணம்.

ஊர்ப் பட்டியலை அகர வரிசையில் வைக்காமல், ஒன்றியம் ஒன்றியமாகப் பக்கத்து ஊர்கள் அடுத்தடுத்து வருமாறு அடுக்கிக்கொள்வது நல்லது. ஆயிரம் ஆயிரமாகத் தாண்டும்போது மாவட்டத்தின் எல்லாப் பக்கமும் தானாக வந்துவிடும்.

அப்புறம், நிஜ சர்வேயில் அந்த 900 எங்கிருந்து வரும்? பெரும்பாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அதையே இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் 4-ஆம் ஊரில் மனைப்பிரிவுகள் வந்து இன்று 1800 வீடு ஆகியிருக்கலாம். அங்கேயும் இருபதே எடுத்தால் வாய்ப்பு 0.9 × 20/1800, அதாவது 100-க்கு 1 ஆகிவிடும். மற்ற ஊரின் வீடு 50 வீடுகளுக்காகப் பேசும்போது, இந்த ஊரின் வீடு 100 வீடுகளுக்காகப் பேச வேண்டும். அதனால் பழைய எண்ணை வைத்து ஊரை எடுத்தது தவறில்லை. எடுத்த ஊரில் இன்று எத்தனை வீடு என்று எண்ணாமல் விடுவதுதான் தவறு. எண்ணிவிட்டால் அந்த ஊரின் வீடுகளுக்கு இரட்டிப்பு எடை கொடுத்துச் சரிசெய்யலாம். எண்ணாவிட்டால் கோணல் இருப்பதே யாருக்கும் தெரியாது.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, இதே வழியில்தான் போனது. கிராமங்கள் 2011 பட்டியலிலிருந்து அளவுக்கேற்ற நிகழ்தகவில் எடுக்கப்பட்டன. எடுத்த ஒவ்வோர் இடத்திலும் முதலில் வீடுகளைப் பட்டியலிட்டு, பிறகு 22 வீடுகளை எடுத்தார்கள். 300 வீட்டுக்கு மேல் இருந்த இடங்களைத் துண்டுகளாகப் பிரித்து, இரண்டு துண்டுகளை மட்டும் பட்டியலிட்டார்கள்.

மாவட்டத்தை மலை, சமவெளி என்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுப்பதை அடுக்கு பிரிப்பது என்கிறோம். அது இதற்கு மாற்று அல்ல, இதற்கு முன்னால் செய்யும் வேலை. மாவட்டத்தில் ஒரு மலை ஒன்றியம் இருக்கிறது, அதில் நூற்றுக்கு ஐந்து வீடுகள்தான் என்றால், 600-இல் ஏறக்குறைய 30 வீடுதான் மலையிலிருந்து வரும். அதை வைத்து மலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மலையைத் தனி அடுக்காக்கி அங்கே 150, சமவெளியில் 450 என்று எடுத்தால் மலையைப் பற்றித் தனியாகப் பேசலாம். ஆனால் மாவட்டத்தின் சதவீதத்துக்கு வரும்போது எடை போட்டே ஆக வேண்டும். மலையில் 20 சதவீதம், சமவெளியில் 80 சதவீதம் வீடுகளில் குழாய் இருப்பதாக வைத்தால் உண்மையான பதில் 77. எடை போடாமல் 600-ஐயும் ஒன்றாகக் கூட்டினால் 65 வரும். மலைக்காகத் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை என்றால் கூடுதலாக எடுக்கவும் வேண்டாம். அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போவதைப் பல திட்டங்களில் பார்க்கிறேன். ஒவ்வோர் அடுக்கிலும் நாலு ஊர்கூடத் தேறாமல் போய்விடுகிறது.

எத்தனை ஊர் என்பதற்கு நான் அதிகம் வாதாடுவேன். ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வந்தால் பெரும்பாலான வீடுகளுக்கும் வரும். வராவிட்டால் யாருக்கும் வராது. ஐந்து வீடு பார்த்ததுமே ஊரின் நிலை தெரிந்துவிடுகிறது, ஆறாவது வீடு புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. ஒரே ஊர் வீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ρ என்ற எண்ணால் அளக்கிறோம். ஊருக்கு m வீடு எடுத்தால் விளையும் இழப்பு இது:

```
1 + (m - 1) × ρ
```

தண்ணீருக்கு ρ 0.3 என்று வைப்போம். ஊருக்கு 20 வீடு என்றால் 6.7 வருகிறது. 600-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 90. நாம் 600 வீட்டுக் கதவைத் தட்டியும், நேரடியாக 90 வீடுகளை எடுத்திருந்தால் எவ்வளவு துல்லியம் கிடைக்குமோ அவ்வளவுதான் கையில் மிஞ்சுகிறது. அதே 600-ஐ 60 ஊர், ஊருக்கு 10 வீடு என்று மாற்றினால் 160-க்குச் சற்று மேலே போகும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா போன்ற கேள்விகளுக்கு ρ மிகக் குறைவாகவே இருக்கும். அங்கே ஊருக்கு இருபது எடுத்தால் பாதகமில்லை. தண்ணீர், சாலை, தெருவிளக்கு பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டைக் குறைத்து ஊரைக் கூட்டுங்கள்.

இவ்வளவு கணக்கையும் வீணாக்கக்கூடியது வீட்டுப் பட்டியல். கணக்கெடுப்பில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். அதற்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் இருக்கும், சற்றுத் தள்ளி ஒரு காலனி இருக்கும், ஏரிக்கரையில் பத்து வீடு இருக்கும். களப்பணியாளர் பேருந்தை விட்டு இறங்கி, கோயில் தெருவிலிருந்து சுண்ணக்கட்டியால் கதவில் எண் போட்டுக்கொண்டு போவார். இருநூறு வந்ததும் ஊர் முடிந்துவிட்டது என்று நினைப்பார். காலனி விட்டுப்போகும். குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் அதுதான். அதனால் பட்டியலிடும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ எல்லாக் குக்கிராமங்களின் பெயரையும் கேட்டு, கையால் ஒரு வரைபடம் போடாமல் நான் வேலையைத் தொடங்க விடுவதில்லை.

பட்டியல் வந்ததும் இரண்டு விஷயம் பார்ப்பேன். 2011-இல் இருந்ததைவிட வீடுகள் குறைந்திருந்தால் ஏதோ ஒரு குக்கிராமம் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். எடுத்த இருபது வீட்டில் ஒரு வீடுகூடப் பூட்டியிருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பகலில் பூட்டிக்கிடப்பது பெரும்பாலும் கணவன் மனைவி இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீடு, அல்லது தனியாக இருப்பவரின் வீடு. அதற்குப் பதில் திறந்திருக்கும் வீட்டை எடுத்தால் சாம்பிளின் முகமே மாறிவிடும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலுமாக மூன்று முறை போய்ப் பார்த்து, அப்படியும் ஆள் இல்லையென்றால் "கிடைக்கவில்லை" என்று எழுதிவிட வேண்டும்.

முதலில் சொன்ன அறிக்கையைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. குலுக்கலில் எடுத்ததால் ஒவ்வோர் ஊரின் வாய்ப்பும் தெரியும். அந்த ஊரில் மொத்தம் எத்தனை வீடு என்று தெரிந்தால் எடை போட்டுவிடலாம். குழுவினர் பட்டியல் நோட்டுகளை ஒரு சாக்கில் கட்டி அலுவலகப் பரண்மேல் போட்டிருந்தார்கள். 26 ஊருக்கு நோட்டு கிடைத்தது. மீதி நாலு ஊருக்கு ஆள் அனுப்பி வீடுகளை மறுபடி எண்ணினோம். எடை போட்டதும் சதவீதம் நம்பும்படியான இடத்துக்கு வந்தது. ஆனால் பிழை வரம்பு அகலமாகவே நின்றது, ஏனென்றால் பெரிய ஊர்கள் மூன்றுதான் குலுக்கலில் வந்திருந்தன. மாவட்டத்தின் பெரும்பகுதிக்காக அந்த மூன்று ஊரின் 60 வீடுகள் பேச வேண்டியிருந்தது. அதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.