குழிமுனை, மென்முனை, முழுவுறை: குண்டுகளின் பெயர்க்காரணம்

ஹாலோ பாயிண்ட், சாஃப்ட் பாயிண்ட், ஃபுல் மெட்டல் ஜாக்கெட். செய்திகளில் இவை வந்தால் பொதுவாகத் ‘தோட்டா’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. குழலை விட்டுப் பறப்பது அதன் நுனியில் செருகியிருக்கும் குண்டு மட்டும்தான். அந்தக் குண்டின் ஈய உடலைச் செம்பு உறை முன்பக்கத்தில் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைத்தான் இந்த மூன்று பெயர்களும் சொல்கின்றன.

உறை முதலில் வந்தது துப்பாக்கிக் குழலுக்காக. குண்டின் வேகத்தைக் கூட்டக் கூட்ட, வெறும் ஈயம் குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களைச் சரியாகப் பற்றாமல் வழுக்கியது. போகிற வழியெல்லாம் ஈயத்தை அப்பிவிட்டும் போனது. சுவிட்சர்லாந்துக்காரரான எடுவர்ட் ரூபின் 1882 வாக்கில் ஈயத்துக்குச் செம்பு உறை போட்டார். 1884-இல் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து வந்து வேகம் இன்னும் எகிறியதும், படைகள் எல்லாம் உறைக்கு மாறின. அதுதான் ஃபுல் மெட்டல் ஜாக்கெட். ‘முழுவுறைக் குண்டு’ என்று சொல்லலாம். ஆனால் ‘முழு’ என்பது கொஞ்சம் மிகை. பெரும்பாலான முழுவுறைக் குண்டுகளைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஈயம் தெரியும்.

உறை மூடிய முனை எளிதில் நசுங்காது. அதனால் கைத்துப்பாக்கியின் முழுவுறைக் குண்டு தசைக்குள் உருமாறாமல் ஆழமாகப் போகும். பல நேரம் மறுபக்கம் வெளியேறிவிடும். ரைஃபிள் குண்டின் கதை வேறு. அதன் எடை பின்பக்கம் அதிகம் என்பதால் உடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் பக்கவாட்டில் புரளும். வேகம் மிகுதியாக இருந்தால் சில வகைகள் புரளும்போதே உடைந்து சிதறும். ‘முழுவுறை என்றால் சின்ன ஓட்டையோடு போய்விடும்’ என்பது பாதி உண்மைதான்.

அந்தச் சின்ன ஓட்டைதான் 1890-களில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் புகாராகவும் இருந்தது. .303 அங்குல ரைஃபிள் குண்டு பட்டும் எதிரி நிற்காமல் வருகிறான் என்றார்கள். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே நுனியில் மட்டும் உறையை நீக்கி, ஈயம் சற்றே வெளியே தெரியும்படி செய்தார். ‘டம்டம் குண்டு’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இன்று யார் யாரோ அதைக் குழிமுனைக்கு, அதாவது ஹாலோ பாயிண்டுக்குச் சொல்கிறார்கள். முதல் டம்டம் மென்முனைதான், அதாவது சாஃப்ட் பாயிண்ட். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. அடிப்பக்கம் ஏற்கெனவே திறந்திருக்க, நுனியும் திறந்ததால், ஈயம் மட்டும் பாய்ந்துபோய் உறை குழலுக்குள்ளேயே தங்கிவிடும் அபாயம். அடுத்த வெடியில் குழலே சிதையலாம். 1899-இல் ஹேக் மாநாடு, உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. படைகளிடம் இன்றும் முழுவுறை பொதுவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

‘மென்முனை’ இன்று பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் குண்டு. வெளியே தெரியும் ஈயம் முதலில் நசுங்கும், உறை பின்னோக்கி மடியும், தடித்த அடிப்பகுதி எடையை விடாமல் உள்ளே தள்ளும். விரிவது மெல்ல, போவது ஆழமாக. பெரிய விலங்கு காயத்தோடு தப்பி எங்கோ கிடந்து சாகாமல் சீக்கிரம் விழ வேண்டும் என்பதற்காக இதைக் கையாள்கிறார்கள். பெரிய விலங்குகளுக்கு முழுவுறையைப் பல இடங்களில் சட்டமே தடுக்கிறது.

ஹாலோ பாயிண்டை ‘வெற்றுமுனை’ என்பதைவிடக் ‘குழிமுனை’ என்பதே பொருத்தம். வேலை செய்வது அந்தக் குழிதான். ஈரமான தசை குழிக்குள் புகுந்து அழுத்த, சுவர்கள் வெளிப்பக்கம் பிளந்து காளான்போல விரியும். 9 மில்லிமீட்டர் குண்டு சுமார் ஒன்றரை மடங்கு அகலமாகும். அகலம் கூடியதும் வேகம் சட்டென்று குறைந்து உள்ளேயே நின்றுவிடும். பின்னால் இருப்பவர் மேல் பாயக் கூடாது என்றுதான் பல நாட்டுக் காவல்துறையினர் இதை வைத்திருக்கிறார்கள். ஆனால் தடித்த துணியைத் துளைத்து வரும்போது குழியில் துணி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் உருவாகாது. குண்டு விரியாமல், முழுவுறையைப் போலவே ஊடுருவிப் போகும். அதனால்தான் சோதனைக்கூடத்தில் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் மட்டும் சுடாமல், அதன் முன்னால் பல அடுக்குத் துணியை வைத்தும் சுடுகிறார்கள். குழிக்குள் மென்மையான ரப்பர்போன்ற பொருளை நிரப்பி அடைப்பைத் தவிர்க்கும் வகைகளும் உண்டு.

இன்னொன்று: துல்லியப் போட்டிகளில் சுடும் ரைஃபிள் குண்டுகளின் நுனியிலும் ஊசித் துளை ஒன்று தெரியும். அவற்றில் உறையை அடிப்பக்கம் சீராக மூடியிருக்கும்படி செய்து, ஈயத்தை முன்பக்கமாக உள்ளே இடுவதால் மிஞ்சும் வாய் அது, விரிவதற்காக வைத்ததல்ல. அதைத் ‘திறந்த நுனிக் குண்டு’ என்று தனியாகச் சொல்வதே சரி.